இறங்கியது யார்? களப்பேச்சை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது

களஆய்வில் ஒலிப்பதிவான பேச்சு, ஆங்கிலக் கட்டுரைக்குள் மேற்கோளாகப் போகும்போது சான்றாக நிற்கிறது. தமிழ் தெரியாத வாசகர் அதைச் சரிபார்க்க வழியில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவரின் வாய்ச்சொல் என்றே எடுத்துக்கொள்வார். சந்தை விலை, பயிர், கூலி பற்றிய பேச்சில் இதனால் பெரிய கேடு வந்துவிடாது. தெய்வத்தைப் பற்றிய பேச்சு அப்படியல்ல. அங்கே நடந்ததைச் செய்தது யார் என்பதே பல சமயம் பேச்சின் உள்ளடக்கமாக இருக்கிறது. அதை மொழிபெயர்ப்பில் மாற்றினால் பேசியவர் சொன்ன செய்தியே மாறிவிடும்.

இது பழைய சிக்கல். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கும் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களிடம் சமயம், வழக்கம் பற்றிக் கேள்விகள் அனுப்பி, தமிழில் பதில் கடிதங்கள் பெற்றார்கள். அவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து, குறிப்புகளும் சேர்த்து ஹாலே நகரில் அச்சிட்டார்கள். தமிழர்கள் தங்கள் வழிபாட்டைத் தாங்களே விளக்கிய அரிய தொகுப்பு அது. ஆனால் இன்று கையில் இருப்பது ஜெர்மன் வடிவம்தான். தமிழ் மூலங்கள் கிடைப்பதில்லை. எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு எந்த ஜெர்மன் சொல் போடப்பட்டது என்பதை இனி ஊகிக்கத்தான் முடியும். 1849-இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையின் வழிபாட்டைப் பற்றி எழுதியபோது, மாடனையும் அம்மனையும் ‘டீமன்’, ‘டெவில்’ என்ற சொற்களுக்குள் வைத்தார். சாமியாடியை ‘டெவில் டான்ஸர்’ ஆக்கினார். கும்பிட்டவர்கள் சாமி என்று சொன்னதைப் படித்தவர்கள் பிசாசு என்று அறிந்துகொண்டார்கள். மொழிபெயர்த்தவரின் இறையியல் மொழிபெயர்ப்புக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. இன்றைய ஆய்வாளர் அந்த இறையியலை விட்டிருக்கலாம். சத்தமில்லாமல் முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

அந்த முடிவுகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பதைப் பார்க்க ஒரு சிறு பேச்சுத் துண்டு போதும். மதுரைப் பக்கத்துத் தாய் ஒருவர் பேசுவதாக, விளக்கத்துக்கென்று அமைத்துக்கொண்டது இது: “சின்னவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகல. அவ இருக்கையில ஊசி போட்டா கோச்சுக்கிருவா. வீட்ல தாளிக்கல, யாருக்கும் குடுக்கல வாங்கல. மூணாந் தண்ணி ஊத்தவும் எறங்கிட்டா. மொகத்துல ஒரு தழும்பு வைக்கல.”

வேலை மொழிபெயர்ப்பில் தொடங்குவதில்லை, எழுத்தில் பெயர்ப்பதில் தொடங்குகிறது. பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுத வேண்டும். “கோச்சுக்கிருவா” என்பதைக் “கோபித்துக்கொள்வாள்” என்று திருத்தி எழுதுவது ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. பேச்சுத் தமிழில் “போட்டாள்” என்பதும் “போட்டால்” என்பதும் “போட்டா” என்றே ஒலிக்கும். “எறங்கிட்டா” என்பது இறங்கிவிட்டாள் என்றும் ஆகும், இறங்கிவிட்டால் என்றும் ஆகும். மேலே உள்ள துண்டில் முதலாவது நிபந்தனை, இரண்டாவது பெண்பால் வினைமுற்று. இதை முடிவு செய்வது குரலின் ஏற்ற இறக்கமும் அதற்குப் பின் வரும் இடைவெளியும்தான். எழுத்தில் பெயர்க்கிறவர் எழுத்துத் தமிழாக்கி ‘ல்’ அல்லது ‘ள்’ சேர்த்துவிட்டால் அந்த முடிவு மறைந்துவிடும். பின்னால் வருகிறவர் ஒலிப்பதிவுக்குத் திரும்பிப் போகத் தோன்றாது. எனவே ஐயமுள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒலிக்கோப்பின் நிமிடமும் விநாடியும் குறிக்கப்பட வேண்டும்.

அடுத்தது எழுவாய். முதல் வாக்கியத்தில் “போட்டிருந்துச்சு” என்று அஃறிணை வருகிறது. அங்கே அம்மை ஒரு நோய். மூன்றாம் வாக்கியத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் “அவ” வருகிறாள். அங்கே அது அம்மன். “எறங்கிட்டா” என்பதும் அவளே. கடைசி வாக்கியத்தின் “வைக்கல” மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தமிழ்ப் பேச்சின் இந்த எதிர்மறை வடிவம் திணை, பால், இடம் எதையும் காட்டாது: நான் வைக்கல, அவ வைக்கல, அது வைக்கல. தழும்பு வைக்காமல் விட்டது நோயா, தாயா என்பதை இலக்கணம் சொல்லவில்லை. ஆங்கிலம் ‘இட்’, ‘ஷி’ இரண்டில் ஒன்றைக் கேட்கும். “தழும்பு விழவில்லை” என்று செயப்பாட்டுச் சாயலில் எழுதித் தப்பிக்கலாம். ஆனால் அப்படித் தப்பித்தால், குழந்தையின் முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு ஒரு தாய் சொல்லும் நன்றி மருத்துவக் குறிப்பாகச் சுருங்கிவிடும். முந்தைய வாக்கியத்தின் எழுவாய் அவள் என்பதாலும், தழும்பு ‘விழல’ என்று சொல்லாமல் ‘வைக்கல’ என்று செயப்படுபொருள் ஏற்கும் வினையைப் பேசியவர் எடுத்ததாலும், இங்கே ‘ஷி’ என்பதற்கே வலு அதிகம். இந்த இரண்டு காரணங்களும் மொழிபெயர்ப்பு முடிவுகளைக் குறித்துவைக்கும் பதிவில் எழுதப்பட வேண்டும். எழுதினால்தான் வேறொருவர் மறுக்க முடியும்.

நோயின் பெயர் இன்னொரு கண்ணி. அம்மை என்றால் எது? இந்தியாவில் பெரியம்மையின் கடைசித் தொற்று 1975-இல். உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்றைய இளந்தாய் சொல்லும் அம்மை பெரியம்மை இல்லை. ஆனால் அது சின்னம்மைதான் என்றும் முடிவுகட்ட முடியாது. தட்டம்மையும் அம்மைதான், பொன்னுக்குவீங்கியை அம்மைக்கட்டு என்று சொல்கிற ஊர்கள் உண்டு. முத்துப்போல் கொப்புளம் வந்ததா என்று பேட்டியிலேயே கேட்டிருந்தால் பதில் இருக்கும். கேட்காமல் விட்டிருந்தால், மொழிபெயர்ப்பில் சின்னம்மையின் ஆங்கிலப் பெயரைப் போடுவது பேசியவர் சொல்லாத நோயறிதல் ஒன்றை அவர் வாயில் திணிப்பதாகும். ‘அம்மை’ என்ற சொல்லையே ரோமன் எழுத்தில் வைத்து, முதல் முறை வரும்போது அடிக்குறிப்பில் “அம்மனோடு சேர்த்துப் பேசப்படும் நோய்களின் பொதுப்பெயர், எந்த நோய் என்று கேட்கப்படவில்லை” என்று எழுதுவதே நேர்மை. மார்கரெட் டிராவிக் 1984-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பெரியம்மை போன பிறகு அந்த அம்மன் என்ன செய்தாள் என்பதைப் பற்றியது. நோய் மாறியும் பேச்சு மாறவில்லை என்ற உண்மை, ‘அம்மை’யை மூலச்சொல்லாக விட்டுவைக்கும் மொழிபெயர்ப்பில்தான் தெரியவரும்.

“கோச்சுக்கிருவா” என்பதில் தொனி இருக்கிறது. பழைய ஆங்கில விவிலியத்தின் நெடி படிந்தவர்கள் தெய்வத்தின் கோபம் என்றதும் ‘ராத்’ என்று எழுதிவிடுவார்கள். அது ஊரை எரிக்கிற கோபம். கோச்சுக்கிருவது அதுவல்ல, பந்தியில் கவனிக்காமல் விட்ட சித்தி முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இந்தச் சொல்தான். ‘கொள்’ என்னும் துணைவினை, கோபம் அவளுக்குள்ளேயே நிற்பதைக் காட்டுகிறது. வீட்டுக்கு வந்திருக்கும் உறவுக்காரி மனம் நோகக் கூடாது என்ற எண்ணத்தில்தான் ஊசி வேண்டாம் என்கிறார். ஆங்கிலத்தில் மனம் புண்படுவதைச் சொல்லும் அன்றாட வினை ஒன்றே இதற்குப் பொருந்தும். இந்த இடத்தில் பெரிய சொல்லைப் போட்டால் பேசியவர் நடுங்குகிற பக்தையாகத் தெரிவார். சின்னச் சொல்லைப் போட்டால் விருந்தோம்புகிறவராகத் தெரிவார். கட்டுரையின் வாதமே இந்த ஒரு சொல்லில் சாய்ந்துவிடக்கூடும்.

இதோடு சேர்ந்ததுதான் வாக்கியங்களின் வரிசை. இடத்தைச் சுருக்க எண்ணி “ஆஸ்பத்திரிக்குப் போகல” என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை மூன்று புள்ளிகளாக்கினால், அலட்சியமான தாய் ஒருத்தி பக்கத்தில் நிற்பாள். தாளிக்காமலும், கொடுக்கல் வாங்கல் இல்லாமலும், எத்தனையோ கட்டுப்பாடுகளோடு நாள்களைக் கழித்த வீடு காணாமல் போய்விடும். மேற்கோளில் எதை வெட்டுவது என்பதும் மொழிபெயர்ப்பு முடிவு. அதுவும் பதிவில் இடம்பெற வேண்டும்.

“மூணாந் தண்ணி ஊத்தவும்” என்பதை நேராகப் போட்டால் ஆங்கில வாசகருக்கு ஒன்றும் புரியாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீரை, கொப்புளம் வாடிய பிறகு இடைவெளி விட்டுத் தலைக்கு ஊற்றுவது வழக்கம். மூன்றாவது முறையோடு முடிப்பது பல வீடுகளின் கணக்கு. ‘குளியல்’ என்று மட்டும் எழுதினால் சடங்கு போய்விடும். ‘சடங்குக் குளியல்’ என்று எழுதினால் பேசியவர் சொல்லாத ஆய்வுச்சொல் அவர் வாய்க்குள் ஏறிவிடும். ‘மூன்றாவது தண்ணீர்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்து, விளக்கத்தை மேற்கோளுக்கு வெளியே கட்டுரையாசிரியரின் குரலில் தருவது நல்ல வழி. மேற்கோள் குறிக்குள் இருப்பது பேசியவருக்கு, வெளியே இருப்பது எழுதுகிறவருக்கு என்ற எல்லை காப்பாற்றப்படும். “ஊத்தவும்” என்பதன் ‘உம்’ காலத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை: ஊற்றிய உடனே இறங்கினாள். ஊற்றியதால் குணமானது என்று ஆங்கிலத்தில் ஆக்கிவிட்டால், பேசியவர் உரிமை கோராத ஒரு வைத்தியக் கோட்பாடு அவருடையதாகிவிடும்.

தமிழில் இல்லாத ஒன்றும் தொல்லை தருகிறது: பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் தெய்வம், சிறிதாக விட்டால் யாரோ ஒரு பெண். ‘மதர்’, ‘காட்’ எல்லாவற்றிலும் இதே தேர்வு. தமிழ்ப் பேச்சில் “அம்மா” மாரியம்மனாகவும் இருக்கலாம், பெற்றவளாகவும் இருக்கலாம். அந்த மயக்கத்தில்தான் அந்தச் சொல்லின் உயிரே இருக்கிறது. பெரிய எழுத்து அதை ஒரே பக்கம் தள்ளிவிடும். எல்லா இடத்திலும் சிறிய எழுத்து என்று ஒரே விதி வைத்து, அந்த விதியை நூலின் முன்பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பதிப்பகத்தின் படி திருத்துபவர் தம் பழக்கத்தில் பெரிய எழுத்தாக மாற்றுவது அடிக்கடி நடக்கிறது; மெய்ப்பு பார்க்கையில் இதைத் தனியாகத் தேட வேண்டும்.

ஒரு துண்டிலிருந்து முழுத் தொகுப்புக்கு வரும்போது சீர்மை என்ற கேள்வி எழும். ‘பொசஷன்’ என்ற ஆங்கிலச் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வு நூல்களில் அது சாமியாட்டத்துக்கும் பேய்க்கும் பொதுவாகப் புழங்குகிறது. பேசுகிறவர்களோ இரண்டையும் கலப்பதில்லை. சாமி வரும், இறங்கும், அருள் வரும்; பேய் பிடிக்கும், அடிக்கும். ஆளுக்கு விருப்பமில்லாமல் பற்றிக்கொள்வதைத்தான் ‘பிடி’ சொல்கிறது. வந்தது எது என்று தெரியாத தருணத்தில், பூசாரி “நீ யாரு” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, சுற்றி நிற்பவர்கள் எந்த வினையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலேயே அவர்களுடைய ஐயம் தெரியும். இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பில் அந்தத் தருணமே இல்லாமல் போய்விடும். ‘வா’வுக்கு வருவதைச் சொல்லும் எளிய வினையையும், ‘பிடி’க்குப் பற்றுவதைச் சொல்லும் வினையையும் தொகுப்பு முழுக்க மாறாமல் வைத்தால் போதும். ‘பொசஷன்’ ஆய்வாளரின் விளக்கப் பகுதியில் மட்டும் இருக்கட்டும்.

சமயம் மாறினாலும் இதே கவனம் வேண்டும். வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ போய்வந்தவர் “வேண்டிக்கிட்டேன்” என்று சொன்னால் ‘ப்ரேயர்’ என்று எழுதுவது பாதிப் பொருளே. அதில் கேட்டதும் இருக்கிறது, நடந்தால் செலுத்துவேன் என்ற ஒப்பந்தமும் இருக்கிறது. கிறிஸ்தவர் ஜெபம் என்பதும், முஸ்லிம் தொழுகை, துஆ என்று தனித்தனியே பிரித்துச் சொல்வதும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் விழுந்தால், யார் எந்த மரபின் சொல்லை எடுத்தாண்டார் என்பது தெரியாது. இந்துப் பெண் ஒருவர் “மாதாகிட்ட ஜெபம் பண்ணேன்” என்று சொல்வது ஆய்வாளருக்குப் பெரிய செய்தி. மொழிபெயர்ப்பில் அது தட்டையாகிவிட்டால் அவருக்கே அது பிறகு கண்ணில் படாது.

முடிவுகளைப் பதியும் ஏடு எளிமையாக இருந்தால்தான் கடைசிவரை எழுதப்படும். விரிதாள் ஒன்று போதும். ஒலிக்கோப்பின் எண்ணும் நேரமும், பேச்சு உள்ளபடி, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, ஏற்ற பெயர்ப்பு, தள்ளிய பெயர்ப்புகள், காரணம், கலந்து பேசியது யாருடன், நாள் ஆகியவை அதன் கட்டங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது தள்ளிய பெயர்ப்புகளைத்தான். பிறகு அதிகம் உதவுவதும் அதுதான். தழும்பு வாக்கியத்துக்கான பதிவு இப்படி அமையலாம்: “வைக்கல: எழுவாய் இல்லை, எதிர்மறையில் பால் காட்டாது. ஏற்றது: அவள் ஒரு தழும்பும் வைக்கவில்லை. தள்ளியவை: அது வைக்கவில்லை, தழும்பு விழவில்லை. காரணம்: முந்தைய எழுவாய் அவள், ‘விழல’ என்று சொல்லும் வாய்ப்பிருந்தும் ‘வைக்கல’ வந்தது. உறுதி: நடுத்தரம். பேசியவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.”

திரும்பக் கேட்பது எளிது. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “அம்மன்தானே தழும்பு வைக்கல?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பேச்சைப் போட்டுக் காட்டி, “யாரு வைக்கல?” என்று மட்டும் கேட்க வேண்டும். “என்ன கேள்வி இது, அவதான்” என்று பதில் வந்தால் உறுதி என்பதை ‘அதிகம்’ என மாற்றலாம். “யாருன்னு சொல்ல, புண்ணு ஆழமில்ல” என்று வந்தால் மொழிபெயர்ப்பையே மாற்ற வேண்டும்.

இன்னொரு சோதனை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கில மேற்கோளைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்வது. பண்பாடு கடந்த ஆய்வுகளில் இதை ஒரு முறையாக ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதினார். சொற்கள் ஒத்துவருமா என்று பார்ப்பதில் பயன் குறைவு. பார்க்க வேண்டியது வினைமுற்றுகளை. திரும்பி வந்த தமிழில் “இறங்கிவிட்டாள்” இருந்த இடத்தில் “குணமாகிவிட்டது” வந்திருந்தால் ஆங்கிலத்தில் தெய்வம் தொலைந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தமிழ்ச் சடங்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், மோசமான ஆங்கிலத்திலிருந்தும் சரியான தமிழை ஊகித்து எழுதிவிடுவார். எனவே வேறு வட்டாரத்துக்காரரோ வேறு சமயத்தவரோ செய்வது மேல்.

பதிவேட்டில் ஆபத்தும் உண்டு. பேசியவரின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, குலதெய்வத்தின் பெயரை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர். ஒரு வட்டாரத்தில் குறிப்பிட்ட குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் சில வீடுகளாக மட்டுமே இருக்கலாம். தெய்வத்தின் பெயரே முகவரியாகிவிடும். பெயரை மாற்றினால் அந்தத் தெய்வத்துக்கே உரிய பேச்சுமரபு சிதையும். மாரி, காளி போன்ற பரவலான பெயர்களை வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொண்ட தெய்வங்களுக்கு அந்த முன்னொட்டை மட்டும் நீக்கலாம். நீக்கிய செய்தி மேற்கோளருகே குறிக்கப்பட வேண்டும்; நீக்கப்பட்ட பெயர் பொதுவில் வைக்கும் ஏட்டில் இருக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் வெளியாகும் ஆய்வேடுகளில் தமிழ் மூலம் பின்னிணைப்பாகக்கூட வராதது இன்றும் பொதுவான வழக்கம். பேசியவரோ அவர் பிள்ளைகளோ ஒரு நாள் அந்த நூலைக் கையில் எடுத்தால் தங்கள் சொல்லைத் தங்கள் மொழியில் காண வழியில்லை. பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டை ஏற்கும் விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம்: மேற்கோள் ஒவ்வொன்றின் தமிழ் மூலமும், அதன் மொழிபெயர்ப்புப் பதிவும், அடையாளம் நீக்கப்பட்ட வடிவில் ஆய்வேட்டோடு சேர்த்தே ஒப்படைக்கப்பட வேண்டும்.